கசக்கும் காப்பியும் கடிகாரமும்



சென்ற ஈகைப் பெருநாள் அன்று எங்கள் ராத்தா வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன். மச்சான் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு பெர்க்கொலேட்டர் கொண்டுவந்திருந்தார். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரம். மூடியின் உச்சியில் ஒரு கண்ணாடிக் குமிழ். பெருநாளுக்குச் சம்பந்தி வீட்டார் எண்மர் வருவதாக இருந்தது. பித்தளை பில்டரில் அத்தனை பேருக்கும் காப்பி இறக்கி முடியாது என்று எண்ணிய ராத்தா, அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார்.

சிறிது நேரத்தில் கண்ணாடிக் குமிழுக்குள் காப்பி குதித்து விளையாடத் தொடங்கியது. வீடெங்கும் மணம் பரவியது. ஆனால் ராத்தாவுக்கு நிறம் போதவில்லை. நாம் பாலில் கலக்கும் டிக்காஷன் கன்னங்கரேலென்று இருக்க வேண்டாமா? ஆகவே இன்னும் கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இருபது நிமிடம் கழிந்த பின்னரே இறக்கினார். பால் சேர்த்து, சர்க்கரை சேர்த்து, விருந்தினர் முன்னே வைத்தாயிற்று. எவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் கோப்பைகள் பாதி நிறைந்தபடியே சமையலறைக்குத் திரும்பின. ராத்தா ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். நாக்கின் அடியில் வேப்பங்கொழுந்து போன்ற கசப்பு; வாய் முழுவதும் மாசிக்காய் போன்ற துவர்ப்பு.

“தூள் சரியில்லை போலிருக்கு” என்றார் ராத்தா.

தூளில் எந்தக் குற்றமும் இல்லை. அதே தூளை மறுநாள் பில்டரில் இட்டபோது காப்பி மணத்தது. அப்படியாயின் குற்றம் எங்கே? அதைத்தான் இங்கே விளக்க முற்படுகின்றேன்.

இரு பாத்திரங்கள், இரு வழிகள்

காப்பித் தூளிலிருந்து சாறு இறக்குவதற்கு உலகில் பல வழிகள் உள்ளன. அவற்றுள் சொட்டு வடிப்பு முறை ஒன்று. மேலே தூள், அதன்மேல் வெந்நீர், கீழே சாறு. இத்தகைய இரண்டடுக்குப் பாத்திரம் பிரான்சில் 1800ஆம் ஆண்டையொட்டிப் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்கர் ‘டிரிப் பாட்’ என்று அழைப்பதும் இவ்வகைப் பாத்திரத்தையே. நம் வீடுகளில் உள்ள பித்தளை பில்டரும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். பெயர் வேறானாலும் செயல் ஒன்றே.

இம்முறையின் சிறப்பியல்பு என்னவெனில், ஒவ்வொரு துளி நீரும் தூளின் வழியே ஒரே ஒருமுறைதான் செல்கின்றது. கீழே இறங்கிய சாறு மீண்டும் மேலே ஏறுவதில்லை, நெருப்பையும் காண்பதில்லை. மேலே ஊற்றிய நீர் தீர்ந்ததும் வேலை தானாக நின்றுவிடுகின்றது. நாம் மறந்து வேறு வேலையில் ஆழ்ந்தாலும் பில்டர் தவறு செய்வதில்லை.

பெர்க்கொலேட்டரின் வழி வேறு. அதன் அடிப்பாத்திரத்தில் நீர் இருக்கும். நடுவே ஒரு நெடிய குழாய். குழாயின் அடிப்பகுதி குடை போல் விரிந்து பாத்திரத்தின் அடியில் அமர்ந்திருக்கும். குழாயின் மேற்பகுதியில், துளைகள் இட்ட கூடை ஒன்று தொங்கும். தூளை இடுவது அதில்தான். அடுப்பு எரியும்போது, குடைக்குள் சிக்கிய சிறிதளவு நீர் முதலில் கொதித்து ஆவிக் குமிழ்களாகின்றது. அக்குமிழ்கள் தமக்கு மேலுள்ள நீரைக் குழாய் வழியே உந்தித் தள்ளுகின்றன. உச்சியில் சிதறிய நீர் கூடைக்குள் விழுந்து, தூளை நனைத்து, மீண்டும் அடிப்பாத்திரத்துக்கே வடிகின்றது. வடிந்தது மறுபடியும் கொதித்து மேலே ஏறுகின்றது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஹான்சன் குட்ரிச் என்பவர் 1889இல் இவ்வகை அடுப்புப் பாத்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பல்லாண்டுக் காலம் அமெரிக்கச் சமையலறைகளில் அதுவே கோலோச்சியது. 1970களில் மின்சாரச் சொட்டு வடிப்பான்கள் பரவிய பிறகே அதன் செல்வாக்குக் குறைந்தது.

ஆக, பில்டரில் நீர் ஒருவழிப் பயணி. பெர்க்கொலேட்டரிலோ அது செக்கு மாடு. நாம் நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லா வேறுபாடுகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

எது முதலில் கரைகின்றது?

வறுத்த காப்பித் தூளின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு மட்டுமே நீரில் கரையக் கூடியது. எஞ்சியது வெறும் நார்ச் சக்கை. கரையக் கூடியதும் ஒரே நேரத்தில் கரைந்துவிடுவதில்லை. அதற்கொரு வரிசை உண்டு. மெல்லிய புளிப்பும் நறுமணமும் தரும் பொருள்கள் முதலில் கரைகின்றன. அவற்றைத் தொடர்ந்து இனிமையும் நிறைவும் தருபவை வருகின்றன. கடுங்கசப்பும் துவர்ப்பும் தருபவை மெதுவாகவே கரைவதால் பெரும்பாலும் கடைசியில் வந்து சேர்கின்றன. உற்சாகம் தரும் காபின் என்னும் பொருளோ முன்னதாகவே இறங்கிவிடும். எனவே நெடுநேரம் கொதிக்க வைத்தால் சுறுசுறுப்புக் கூடும் என்று எண்ணுவது வீண்.

அமெரிக்காவில் 1950களில் காப்பியை ஆராய்ந்த எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற அறிஞர், தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடுவரை கரைந்து இறங்கும்போதே சுவை சமநிலையில் இருக்கின்றது என்று வரையறுத்தார். அதற்குக் குறைந்தால் காப்பி சப்பென்று புளிக்கும். அதனைக் கடந்தால் வரிசையின் கடைசியில் நின்ற கசப்பும் துவர்ப்பும் கோப்பைக்குள் நுழைந்துவிடும். ‘தேவைக்கு மேல் சாறு இறங்குதல்’ என்பது இதுதான்.

பெர்க்கொலேட்டர் இந்த எல்லையை எளிதில் தாண்டுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது காலம். பாத்திரம் அடுப்பில் உள்ளவரை தூள் நனைந்துகொண்டே இருக்கின்றது. இரண்டாவது வெப்பம். சொட்டு வடிப்புக்கு 92 முதல் 96 பாகை வெப்பமுள்ள நீர் உகந்தது. கொதித்த நீரை இறக்கி அரை நிமிடம் ஆறவிட்டால் ஏறக்குறைய அந்நிலை கிட்டும். பெர்க்கொலேட்டரில் தொடக்கத்தில் மேலேறும் நீர், மொத்தப் பாத்திரமும் சூடேறாத நிலையில், அவ்வளவு சூடாக இருப்பதில்லை. ஆனால் நேரம் செல்லச் செல்ல முழுப் பாத்திரமும் கொதிநிலையை நெருங்குகின்றது. அதாவது, நல்ல பொருள்கள் கரைய வேண்டிய வேளையில் வெப்பம் குறைவு. கசப்பு மட்டுமே எஞ்சியிருக்கும் வேளையில் வெப்பம் மிகுதி.

இதனோடு இன்னொரு கேடும் சேர்கின்றது. ஏற்கெனவே இறங்கிய நல்ல சாறும் திரும்பத் திரும்பக் கொதிக்கின்றது. கொதிக்கும் காப்பியிலிருந்து மணம் ஆவியோடு பறந்துவிடும். ராத்தா வீட்டில் கூடம்வரை கமழ்ந்ததே, அந்த மணம் முழுவதும் கோப்பையில் இருந்திருக்க வேண்டியது. காற்றில் கலந்தது போக, கோப்பையில் எஞ்சியது கசப்பு.

அடர்த்தி வேறு, கசப்பு வேறு

சகோதரிகளே, இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகின்றோம். காப்பி நீர்த்திருந்தால் ‘இன்னும் கொதிக்கட்டும்’ என்கின்றோம். அடர்த்தி வேண்டுமெனில் நேரத்தைக் கூட்டுவது தவறு. தூளைக் கூட்டுவதே சரி. ஒரு சிறு கணக்கால் இது விளங்கும்.

1 லிட்டர் நீருக்கு 60 கிராம் தூள் இட்டதாகக் கொள்வோம். அதில் 20 விழுக்காடு கரைந்தால் 12 கிராம் சாறு நீரில் சேர்கின்றது. இது சுவை மிகுந்த, ஆனால் மிதமான காப்பி. இதைவிட அடர்த்தி வேண்டும் என்று மேலும் கொதிக்க விடுகின்றோம்; 25 விழுக்காடு கரைந்துவிடுகின்றது. இப்போது நீரில் 15 கிராம் உள்ளது. அடர்த்தி கூடியது உண்மையே. ஆனால் புதிதாகச் சேர்ந்த அந்த 3 கிராமும் வரிசையின் கடைசியிலிருந்து வந்தவை; கசப்பும் துவர்ப்புமே அவற்றில் மிகுதி.

இனி மற்றொரு வழியைப் பாருங்கள். அதே 1 லிட்டர் நீருக்குத் தூளை 75 கிராமாகக் கூட்டி, உரிய நேரத்தில் 20 விழுக்காட்டோடு நிறுத்துகின்றோம். 75இல் 20 விழுக்காடு 15 கிராம். அதே அடர்த்தி கிட்டிவிட்டது, கசப்போ வரவில்லை. கூடுதலாகச் செலவானது 15 கிராம் தூள். அதை மிச்சப்படுத்தப் போய், பாதி நிறைந்த எட்டுக் கோப்பைகளைக் கழுவுதொட்டியில் கொட்டினோமே, அதில் எது சிக்கனம்?

ராத்தாவின் பிழைக்கு மூல காரணம் வேறொன்றும் உண்டு. நாம் பில்டரில் 200 மில்லி நீருக்கு 40 கிராம் தூள் இடுகின்றோம் என்றால், அது லிட்டருக்கு 200 கிராம் என்ற கணக்கு. பெர்க்கொலேட்டரில் இடும் அளவைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். பாலில் கலப்பதற்கென்றே பிறந்த அடர்ந்த டிக்காஷன் அது. பெர்க்கொலேட்டரோ அப்படியே குடிப்பதற்குரிய காப்பிக்காக அமைந்த பாத்திரம். அதை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் டிக்காஷன் பிறக்காது, கசப்புத்தான் பிறக்கும்.

கட்டுப்படுத்தும் முறை

அப்படியாயின் பெர்க்கொலேட்டரைப் பரணில் ஏற்றிவிட வேண்டுமா? தேவையில்லை. அதன் குணமறிந்து நடத்தினால் நல்ல காப்பியே தரும். அது தானாக நிற்காது. ஆகவே நாம்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் தூளைக் கவனியுங்கள். பில்டருக்கு அரைக்கும் மெல்லிய தூள் இதற்கு ஆகாது. மெல்லிய தூளில் சாறு விரைந்து இறங்கிவிடும். கூடைத் துளைகளின் வழியே தூளும் ஒழுகிக் கோப்பையின் அடியில் வண்டலாகத் தங்கும். சில வேளைகளில் துளைகளை அடைத்து, நீர் கூடையின் விளிம்பைத் தாண்டி வழியும். காப்பிக்கொட்டை அரைத்துத் தரும் கடையில் கேட்டு, கோதுமை ரவை போன்று கொரகொரப்பாக அரைத்து வாங்குங்கள். சிக்கரி சேர்க்க வேண்டாம். காப்பிக்கொட்டையைக் காட்டிலும் சிக்கரியில் நீரில் கரையும் பொருள் மிக அதிகம். அது காப்பியை விரைவில் கறுப்பாக்கி, நிறத்தைக் கொண்டு மதிப்பிடும் நம் கண்ணை ஏமாற்றிவிடும்.

அடுத்தது அளவு. 1 லிட்டர் நீருக்கு 60 கிராம். மட்டமாக அள்ளிய மேசைக்கரண்டியால் ஏறக்குறைய 12 கரண்டி. நீரின் மட்டம் கூடையின் அடிப்பகுதியைத் தொடவே கூடாது. தொட்டால் தூள் நீரில் மூழ்கி ஊறிக்கொண்டே இருக்கும். அதன்பின் எந்தக் கட்டுப்பாடும் பலிக்காது.

கூடையை உடனே வைத்துவிடாதீர்கள். முதலில் நீரை மட்டும் சூடாக்குங்கள். அது கொதிநிலையை நெருங்கியதும் அடுப்பிலிருந்து இறக்கி, தூள் நிரப்பிய கூடையையும் குழாயையும் துணி பிடித்துக் கவனமாகப் பொருத்தி, மூடி, மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள். வெதுவெதுப்பான நீர் தூளில் வீணே சுற்றும் தொடக்கக் காலம் இதனால் நீங்கிவிடும்.

கண்ணாடிக் குமிழில் நீர் முதன்முதலாகத் துள்ளியவுடன் தீயைத் தணித்துவிடுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை ஒரு துள்ளல் போதும். நீர் இடைவிடாது பொங்கிப் பாய்ந்தால் தீ மிகுதி என்று அறிக. அந்த முதல் துள்ளலிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். 6 முதல் 8 நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும். நிறத்தை நம்ப வேண்டாம். சில நிமிடங்களிலேயே குமிழில் காப்பி கறுத்துவிடும். அதன்பின் ஏழாவது நிமிடத்துக் காப்பிக்கும் பதினேழாவது நிமிடத்துக் காப்பிக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நாவுக்கு மட்டுமே தெரியும்.

இறக்கியவுடன் கூடையை வெளியே எடுத்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். அடுப்பை அணைத்த பின்னும் கூடையிலுள்ள ஈரத் தூளிலிருந்து கடைசிச் சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் அசையாமல் வைத்து வண்டல் தங்கியதும் ஊற்றுங்கள். விருந்தினர் வரத் தாமதமானால் காப்பியைப் பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். மீண்டும் அடுப்பில் ஏற்றினால் இதுவரை பட்ட பாடெல்லாம் பாழ்.

நாவே நீதிபதி

உங்கள் அடுப்பும் உங்கள் பாத்திரமும் வேறாக இருக்கலாம். எனவே ஒருநாள் ஓய்வான வேளையில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். முதல் துள்ளலுக்குப் பின் 4, 6, 8, 12ஆம் நிமிடங்களில் தீயை ஒரு கணம் தணித்து, ஒவ்வொரு கரண்டி காப்பியைத் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். ஆறிய பின் பாலும் சர்க்கரையும் இன்றி வரிசையாகச் சுவையுங்கள். முதற்கிண்ணம் சற்றுப் புளிப்பாகவும் நீர்த்தும் இருக்கும். நடுவில் ஒரு கிண்ணத்தில் இனிமை தெரியும். கடைசிக் கிண்ணத்தில் நாக்கு வறண்டு வாய் சுருங்கும். இனிமை தெரிந்த கிண்ணத்தின் நிமிடமே உங்கள் பாத்திரத்துக்குரிய நிமிடம். ஒரு சீட்டில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பிறகு காப்பியில் குறை தோன்றினால் காரணம் காண்பது எளிது. கசந்து துவர்த்தால் நேரத்தைக் குறையுங்கள், அல்லது இன்னும் பருமனாக அரையுங்கள். புளித்துச் சப்பென்றிருந்தால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். சுவை நன்றாக இருந்தும் நீர்த்திருந்தால் நேரத்தைத் தொடாதீர்கள், தூளைக் கூட்டுங்கள்.

பெர்க்கொலேட்டரை மட்டும் குற்றம் சொல்வதும் முறையன்று. நம் பித்தளை பில்டரிலும் இதே பிழையை நாம் செய்வதுண்டு. ‘இரண்டாம் டிக்காஷன்’ என்று, முதற்சாறு இறங்கிய சக்கையின் மீதே மீண்டும் வெந்நீர் ஊற்றுகின்றோம் அல்லவா? நல்லவை பெரும்பாலும் போய்விட்ட தூளிலிருந்து எஞ்சியதைக் கறக்கும் அச்செயல், பெர்க்கொலேட்டர் இருபது நிமிடம் செய்வதற்கு ஒப்பானதே. முதல் டிக்காஷனோடு அதைக் கலந்தால், நன்றாக இருந்ததும் கெடும்.

நீரை மேலும் கீழும் சுழற்றும் பாத்திரம் ஆதலால், எவ்வளவு கவனமாக நடத்தினாலும் பெர்க்கொலேட்டர் காப்பியில் பில்டர் காப்பியின் முழு மணத்தை எதிர்பார்க்க இயலாது. ஆனால் பத்துப் பேருக்கு ஒரே முறையில் சூடான கறுப்புக் காப்பி தர வேண்டுமெனில் அது உதவும். பால் காப்பிக்கு நம் பில்டரே ஏற்றது.

ஹஜ்ஜுப் பெருநாளன்று ராத்தா இரண்டையும் அடுப்பங்கரையில் வைத்திருந்தார். பால் காப்பிக்கு வேண்டிய டிக்காஷனை, அண்டை வீட்டிலிருந்து இன்னொரு பில்டரும் வாங்கி, முதல்நாள் இரவே இறக்கி வைத்துவிட்டார். கறுப்புக் காப்பி குடிக்கும் மச்சானுக்கும் அவருடைய நண்பர்களுக்கும் பெர்க்கொலேட்டர். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து ஏழாவது நிமிடத்தில் இறக்கினார். கூடையையும் உடனே எடுத்துவிட்டார். வீட்டில் இம்முறை மணம் முன்போல் பரவவில்லை. கோப்பைகள் மட்டும் காலியாகத் திரும்பின.